ஸ்ட்ரோமடோலைட்: பாறை அடுக்கில் உயிரின் வேலையை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: நுண்ணுயிர்கள் கட்டிய அடுக்குப் பாறையான ஸ்ட்ரோமடோலைட்தான் பூமியின் மிகப் பழைய உயிரின் தடயம் என்று படித்தேன். கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள் எப்படி அடுக்கடுக்காகப் பாறை கட்டும்? குகைகளில் சுண்ணாம்பு தானாகவே அடுக்கடுக்காகப் படிகிறதே, அப்படி உயிரே இல்லாமல் இவையும் உருவாகியிருக்க முடியாதா?

முடியும். உயிரின் பங்கு எதுவும் இல்லாமலே மெல்லிய அடுக்குகளும், அடுக்குகள் புடைத்து எழுந்த குவிமாடங்களும் உருவாகலாம். குகைச் சுண்ணாம்பு அதற்கு நல்ல உதாரணம். வெந்நீர் ஊற்றுகளின் விளிம்பில் படியும் சிலிக்காவும் அப்படித்தான். ஆகவே அடுக்கு இருக்கிறது, மேடு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பழைய பாறையில் உயிர் இருந்தது என்று சொல்வது தவறு. ஆனால் அந்த அடுக்குகளின் உள்விவரங்களில், எங்கே தடிக்கின்றன, எங்கே மெலிகின்றன, மணல் எங்கே தங்கியிருக்கிறது என்பவற்றில், உயிரில்லாத படிவு எளிதில் காட்ட முடியாத சில நடத்தைகள் பதிவாகின்றன. சுண்ணாம்புப் படிவுகளைப் படிக்கும் துறையில் பயிற்சி பெற்றவன் என்ற முறையில், அந்த நடத்தைகள் எவை, அவை எப்படி உண்டாகின்றன, எந்தப் பாறைக்கு அவற்றை நம்பி முடிவு சொல்லலாம், எதற்குச் சொல்ல முடியாது என்பதை விளக்க முயல்கிறேன்.

முதலில், இன்றும் நம் கண்முன் நடக்கும் ஒரு கட்டுமானத்தைப் பார்ப்போம். பஹாமாஸ் தீவுகளில் எக்ஸூமா தீவு வரிசையைச் சேர்ந்த ஹைபோர்ன் கே என்ற சிறு தீவின் கரையோரத்தில், சாதாரண உப்பளவுள்ள கடல் நீரில், ஸ்ட்ரோமடோலைட்டுகள் இப்போதும் வளர்கின்றன. அங்கே அலை கொண்டுவரும் மணல் முழுவதும் சுண்ணாம்பு மணிகளால் ஆனது. ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்குள் அடங்கிவிடும். இந்த மணற்பரப்பின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஓர் உயிர் விரிப்பு படர்ந்திருக்கிறது. இதைத்தான் நுண்ணுயிர்ப் பாய் என்கிறோம். பாயின் மேற்பகுதியில் ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிக்கும் சயனோபாக்டீரியா. அவற்றுக்கிடையிலும் அவற்றுக்குக் கீழும், அவை விட்டுச் செல்லும் கரிமப்பொருளைத் தின்று வாழும் பல வகை பாக்டீரியா. இவை அனைத்தையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அவை தாமே சுரக்கும் சர்க்கரை வகைப் பசை. இந்தப் பசையின் பங்கு பின்னால் முக்கியமாக வரும் என்பதால் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாய் எப்படிப் பாறையாகிறது என்பதை ஒரு ஆய்வுக் குழு அங்கே பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவர்கள் கண்டது, ஒரே பாய் மூன்று நிலைகளை மாறி மாறி எடுக்கிறது என்பதே. மணல் தொடர்ந்து வந்து விழும் காலத்தில் ஸிஸோத்ரிக்ஸ் என்ற இழை வடிவ சயனோபாக்டீரியா ஆதிக்கம் செலுத்துகிறது. மணி விழுந்து மூடினால் இழை மேல்நோக்கி நகர்ந்து வெளிச்சத்துக்கு வருகிறது; விழுந்த மணி பசையில் ஒட்டி, இழைகளுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. இந்த நிலையில் பரப்பு உயர்கிறதே தவிர, இன்னும் பாறையாகவில்லை. விரலால் அழுத்தினால் அமுங்கும்.

மணல் வரத்து சில நாட்கள் நின்றால் இரண்டாம் நிலை தொடங்குகிறது. பரப்பின் மேல் பசை ஒரு தொடர்ச்சியான படலமாகத் தேங்குகிறது. அதைத் தின்னும் பாக்டீரியா பெருகுகின்றன. அந்தப் படலத்துக்குள் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமம் மிக நுண்ணிய படிகங்களாகப் படிந்து, 20 முதல் 60 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஓர் ஓடாகிறது. இந்த ஓய்வு இன்னும் நீண்டு, வாரக்கணக்கில் போனால், மூன்றாம் நிலை வருகிறது. ஸொலென்ஷியா என்ற உருண்டை வடிவ சயனோபாக்டீரியா, அந்த ஓட்டுக்குக் கீழே உள்ள மணிகளைத் துளைத்து உள்ளே வாழத் தொடங்குகிறது. துளைக்கிறது என்றவுடன் மணி நொறுங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் துளைத்த வழிகளில் மீண்டும் அரகோனைட் நிரம்புவதால் பக்கத்து மணிகள் ஒன்றோடொன்று இணைந்து, கெட்டியான ஓர் அடுக்காகின்றன. பிறகு மீண்டும் மணல் வருகிறது. ஸிஸோத்ரிக்ஸ் மீண்டும் ஏறுகிறது. ஒரு தளர்ந்த மணல் அடுக்கு, அதன் மேல் ஒரு மெல்லிய ஓடு, சில இடங்களில் ஓட்டின் கீழ் இணைந்த மணிகளின் அடுக்கு என்று நாம் பாறையில் காணும் வரிகள், இந்த நிலை மாற்றங்களின் பதிவுகள். ஒரு வரி என்பது ஒரு நாளோ ஓர் ஆண்டோ அல்ல. மணல் வந்த காலத்துக்கும் வராத காலத்துக்கும் இடையிலான மாற்றம். மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல் இவற்றை எண்ணி வயது சொல்ல முடியாமல் போவதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் நிலையில் சுண்ணாம்பு ஏன் படிகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மையமான விடை. கடல் நீரில் கால்சியமும் பைக்கார்பனேட்டும் கரைந்திருக்கின்றன. அவை சேர்ந்து படியும் வினை இது:

Ca²⁺ + 2HCO₃⁻ → CaCO₃ + CO₂ + H₂O

வலப்பக்கம் உள்ள CO₂-வை யாராவது எடுத்துக்கொண்டே இருந்தால் வினை வலப்பக்கமாக நகரும், சுண்ணாம்பு படியும். ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா பகலில் அதைத்தான் செய்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகின்றன. அது பாதி உண்மைதான். ஏனென்றால் பாயில் உள்ள மற்ற பாக்டீரியா ஆக்சிஜனைக் கொண்டு சுவாசித்து CO₂-வைத் திருப்பிக் கொடுக்கின்றன. அதனால் சுண்ணாம்பு கரையத் தொடங்குகிறது. ஒரு பகலையும் ஓர் இரவையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். போதாததற்கு, புதிதாகச் சுரந்த பசை கால்சியத்தைத் தன்னோடு இறுகப் பிணைத்து வைத்துக்கொள்வதால், அது இருக்கும் இடத்தில் படிகம் உருவாவதே கடினம்.

கணக்கைச் சாய்ப்பவை சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியா. இவை ஆக்சிஜனுக்குப் பதில் கடல் நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி, கரிமப்பொருளைச் சிதைத்து, பைக்கார்பனேட்டை வெளியிடுகின்றன. நீரின் காரத்தன்மை கூடுகிறது. அதே வேளையில் பசையும் சிதைவதால், அது பிடித்து வைத்திருந்த கால்சியம் விடுபடுகிறது. படிவதற்குத் தேவையான இரண்டு பொருளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. அங்கே அரகோனைட் படிகிறது. கட்டுவது ஒரு தனி உயிரி அல்ல. உண்பதும் சிதைப்பதுமாகப் பல உயிரிகள் சேர்ந்து உண்டாக்கும் வேதிச் சூழலே கட்டுகிறது.

இதை வெறும் ஊகமாக விட்டுவிடாமல் சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வெள்ளித் தகட்டின் மேல் கதிரியக்கக் கந்தகம் கொண்ட சல்பேட்டைப் பூசி, அதைப் பாயின் குறுக்குவெட்டோடு ஒட்டி வைத்தார்கள். சல்பேட்டை உண்ணும் பாக்டீரியா எங்கே வேலை செய்கிறதோ அங்கே சல்பைடு உண்டாகும். அது வெள்ளியோடு சேர்ந்து தகட்டில் நிலைத்துவிடும். மீதியைக் கழுவிவிட்டுத் தகட்டின் கதிரியக்கத்தைப் படமாக எடுத்தால், கறுத்த கோடுகள் தெரிகின்றன. அந்தக் கோடுகள் ஓடு படிந்த அடுக்குகளோடு பொருந்தி நின்றன. அவற்றில் ஒன்று மேற்பரப்பை ஒட்டி, பகலில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் இடத்திலேயே இருந்தது என்பது அப்போது பலருக்கு வியப்பாக இருந்தது.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். பஹாமாஸ் கட்டுமானம் பழைய பாறைகளுக்கு முழுமையான முன்மாதிரி அல்ல. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஷார்க் பே என்ற விரிகுடாவின் ஹாமெலின் பூல் பகுதியில், கடல் நீரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உப்புள்ள நீரில் நிற்கும் புகழ்பெற்ற தூண்களும் அப்படியே. அங்கே அதிக உப்பு, பாயை மேயும் நத்தை போன்ற விலங்குகளைப் பெருமளவு விலக்கி வைக்கிறது. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் தூண் உயர்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் பாய் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மணலைப் பிடித்தே உயர்கிறது, அடுக்குகள் கரடுமுரடானவை. முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்ட்ரோமடோலைட்டுகளில் பெரும்பாலானவை மணலைப் பிடித்தவையல்ல. அக்காலக் கடல் நீரில் கரைந்திருந்த கார்பனேட் மிகுதியாக இருந்ததால், பாயின் மேலும் பாய்க்குள்ளும் நேரடியாகப் படிந்து, மயிரிழை போன்ற மெல்லிய வரிகளை உண்டாக்கியவை. அக்காலக் கடலில் சல்பேட்டும் மிகக் குறைவு என்பதால், மேலே சொன்ன சல்பேட் வழி அன்றும் அதே அளவில் நடந்தது என்று நான் வாதிட மாட்டேன். பாயின் உயிரியக்கம் நீரின் வேதியியலை மாற்றி, படிவு எங்கே, எப்போது நிகழும் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற பொதுவான கருத்தை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பழைய பாறையில் நமக்கு மிஞ்சுவது என்ன? அநேகமாக உயிரிகளின் உடல் மிஞ்சுவதில்லை. ஒரு ஸ்ட்ரோமடோலைட்டை வெட்டி, 30 மைக்ரோமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், பெரும்பாலும் தெரிவது மறுபடிகமான டோலமைட் அல்லது சிலிக்கா மணிகளின் பரப்பும், அதன் ஊடே கரிய கரிமப்பொருளோ இரும்புக் கறையோ காட்டும் மங்கலான வரிகளும் மட்டுமே. முதன்முறை பார்க்கும் மாணவர்கள் உயிரணுக்களைத் தேடிவிட்டு ஏமாந்துபோவார்கள். பாய் அழுகிப்போனது, உயிரணுக்கள் சிதைந்தன, பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் வெப்பமும் நீரும் கனிமங்களை மாற்றி எழுதின. எஞ்சியிருப்பது பாய் இருந்தபோது பரப்பு எடுத்த வடிவமும், அந்த வடிவம் அடுக்குக்கு அடுக்கு எப்படி மாறியது என்ற வரலாறும்தான். உயிரா இல்லையா என்ற வழக்கை இந்த வரலாற்றை வைத்துத்தான் நடத்த வேண்டும்.

1996-இல் ஜான் குரோட்ஸிங்கரும் டேனியல் ராத்மனும் இந்த வழக்கை மிகவும் கடினமாக்கினார்கள். மேலிருந்து வண்டல் விழுதல், விழுந்தது சரிவில் நகர்தல், பரப்புக்குச் செங்குத்தான திசையில் கனிமம் படிதல், சீரற்ற சிறு இடையூறுகள் ஆகிய நான்கை மட்டும் ஒரு சமன்பாட்டில் வைத்து, உயிரின் பங்கே இல்லாமல், சில ஸ்ட்ரோமடோலைட்டுகளின் பரப்பு வடிவத்தை அவர்கள் விளக்கிக் காட்டினார்கள். அதன்பின், சாதாரணக் குவிமாட வடிவத்தைக் காட்டி உயிர் என்று வாதிடுவது நின்றுபோயிற்று, நிற்க வேண்டியதும்தான். ஆனால் அதே சமன்பாட்டைக் கவனமாகப் பார்த்தால், அது எதைச் செய்ய முடியாது என்பதும் தெரிகிறது.

பரப்புக்குச் செங்குத்தாக எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் கனிமம் படிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்டின் உச்சியில் படிவு வெளிப்புறமாக விரிந்து போவதால், அந்த மேடு அடுக்குக்கு அடுக்கு அகன்று மழுங்கும். இரண்டு மேடுகளுக்கு இடையிலான பள்ளமோ, இரு பக்கமும் நெருங்கி வருவதால், குறுகிக் கூர்மையாகும். ஒரு தாளில் வளைந்த கோடு வரைந்து, அதிலிருந்து சம தூரத்தில் அடுத்தடுத்த கோடுகளை வரைந்து பார்த்தால் இது உடனே விளங்கும்: உச்சிகள் உருண்டையாகும், பள்ளங்கள் கூராகும். இப்போது கூம்பு வடிவ ஸ்ட்ரோமடோலைட்டைப் பாருங்கள். அங்கே இதற்கு நேர் எதிர். உச்சி கூர்மையாகவே இருக்கிறது. அடுத்தடுத்து எத்தனை அடுக்கு ஏறினாலும் மழுங்குவதில்லை. ஒவ்வோர் அடுக்கும் உச்சியில் தடித்தும் சரிவில் மெலிந்தும் செல்கிறது. உச்சியில் படிவு கூடுதலாக நடக்க வேண்டும், அதுவும் ஒருமுறை அல்ல, ஒவ்வோர் அடுக்கிலும் அதே உச்சியில் நடக்க வேண்டும்.

உயிருள்ள பாயில் இதற்குக் காரணம் தெரியும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் இழை வடிவ சயனோபாக்டீரியா இன்றும் இத்தகைய கூம்புகளை எழுப்புகின்றன என்பதை 1970-களிலேயே மால்கம் வால்டரும் உடனிருந்தோரும் பதிவு செய்தார்கள். வழுக்கி நகரும் இழைகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கி, முடிச்சாகி, மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கின்றன. அந்த முடிச்சு கூம்பின் உச்சியாகிறது. இழைகள் தொடர்ந்து அங்கே ஏறுவதால் உச்சி மற்ற இடங்களைவிட வேகமாக வளர்கிறது. ஒளியை நோக்கிய நகர்வு மட்டுமே காரணம் என்று முன்பு எண்ணினோம். ஒளியின் திசை எதுவும் தேவைப்படாமல், வெறும் மோதலாலேயே முடிச்சுகள் உருவாகலாம் என்று பின்னர் வந்த சோதனைகள் காட்டின. எது முதன்மை என்பது இன்னும் முடியாத விவாதம். ஆனால் நகரும் இழைகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இதே கூம்புகளின் இடைவெளி பற்றி 2010-இல் வெளிவந்த ஒரு கணக்கையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதை யாரும் தாமே போட்டுப் பார்க்கலாம். அசைவற்ற நீரில் பாய்க்குத் தேவையான பொருள்கள் பரவல் மூலமாக மட்டுமே வந்து சேரும். கரைந்த சிறு மூலக்கூறுகளின் பரவல் மாறிலி ஏறத்தாழ 10⁻⁹ m²/s. ஒரு நாளில் 86,400 நொடிகள். இரண்டையும் பெருக்கினால் 8.64 × 10⁻⁵ m². அதன் வர்க்கமூலம் 0.0093 m, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாளில் ஒரு கூம்பு தன்னைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை பொருளை இழுக்க முடியும் என்பதன் அளவு இது. அதற்குள் இன்னொரு கூம்பு வந்தால் இரண்டும் பட்டினியில் போட்டியிட வேண்டியிருக்கும். யெல்லோஸ்டோனில் சிறு கூம்புகள் ஏறக்குறைய இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. பழைய பாறைகள் சிலவற்றிலும் அதே சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. பகலும் இரவும் மாறி மாறிச் செயல்படும் ஓர் உயிர்ச் சமூகத்தைக் காட்டும் அளவு இது என்று படிக்கலாம். அக்காலத்தில் நாள் இன்றைவிடக் குறுகியது. ஆனால் வர்க்கமூலம் எடுப்பதால் விடை பெரிதாக மாறாது. அலை அடிக்கும் நீரிலோ, மிகப் பெரிய கூம்புகளிலோ இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோல்களோடு, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் உள்ள ஸ்ட்ரெல்லி பூல் பாறைத்தொகுதிக்கு வருவோம். வயது ஏறத்தாழ 343 கோடி ஆண்டுகள். இங்குள்ள கூம்புகள் பல ஆண்டுகள் சர்ச்சையில் இருந்தன. 1994-இல் டொனால்ட் லோ, 320 கோடி ஆண்டுக்கு முந்தையவை என்று சொல்லப்பட்ட ஸ்ட்ரோமடோலைட்டுகள் எவையுமே உயிரின் படைப்பு அல்ல, கனிமப் படிவும் அடுக்கு மடிப்பும் போதும் என்று எழுதினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வந்த விடைகளில் வலுவானது 2006-இல் அபிகெயில் ஆல்வுட் குழு வெளியிட்டது. அவர்கள் ஒரு நல்ல மாதிரியைத் தேர்ந்தெடுத்துக் காட்டவில்லை. சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் படிவை நடந்து வரைபடமாக்கி, ஏழு வகை ஸ்ட்ரோமடோலைட்டுகள் இருப்பதையும், ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட ஒரு சூழலில், கடல் ஏறிவந்த ஒரு பாறைக் கரையின் ஆழமற்ற மேடையில், தனக்குரிய இடத்தில் இருப்பதையும் காட்டினார்கள்.

அந்தப் பாறைகளில் முட்டை அட்டையைப் போல் சிறு கூம்புகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு வகை உண்டு. அதன் குறுக்குவெட்டில் நான் கவனிக்கச் சொல்வது மூன்று. கூம்பின் சரிவில் வரிகள் தொடர்ச்சியாக ஏறி இறங்குகின்றன. அந்தச் சரிவுகளில் சில, தளர்ந்த வண்டல் நிற்கக்கூடிய சுமார் 30 பாகைக்கும் மேல் செங்குத்தானவை, ஆகவே அது வெறும் வண்டல் குவியல் அல்ல. கூம்புகளுக்கு இடையிலான பள்ளங்களில் அலையில் பிய்ந்த துண்டுகளும் மணியும் கிடக்கின்றன, சரிவில் ஏறவில்லை. ஆகவே, பள்ளத்தை நிரப்பிய துண்டுகள் வந்து விழுந்தபோது கூம்புகள் ஏற்கனவே கடலடியில் எழுந்து நின்றன. பின்னால் பாறை மடிந்து உண்டானவை அல்ல. கரைந்த கனிமம் மட்டுமே எல்லாப் பரப்பிலும் சமமாகப் படிந்திருந்தால், சமதளமும் சரிவும் பள்ளமும் ஒரே ஓட்டால் மூடப்பட்டிருக்க வேண்டும், அப்படி இல்லை. கடல் ஆழமாகி, வெந்நீர்க் கனிமங்கள் வந்து சேரும் கட்டத்தில் ஸ்ட்ரோமடோலைட்டுகள் மறைந்துபோவதும் கவனிக்கத்தக்கது. கனிமப் படிவு தொடர்ந்த இடத்தில் கூம்பு தொடரவில்லை. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் உயிரற்ற விளக்கம் ஒன்றைக் கற்பிக்கலாம்; ஆனால் அனைத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கமாக எதையும் நான் இதுவரை கண்டதில்லை. ஸ்ட்ரெல்லி பூல் உயிரின் வேலை என்பதை நான் ஐயமின்றி ஏற்கிறேன்.

அதற்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 348 கோடி ஆண்டு வயதுள்ள ட்ரெஸ்ஸர் பாறைத்தொகுதியில் என் உறுதி ஒரு படி குறைகிறது. 1980 முதல் அறியப்பட்ட அந்த மேடுகள் வெந்நீர் ஊற்றுகள் மலிந்த சூழலில் உருவானவை. அத்தகைய இடத்தில் உயிரற்ற படிவும் தாராளமாக நடக்கும். வானிலையால் சிதையாத ஆழத்திலிருந்து துளையிட்டு எடுத்த பாறைத் தண்டில், ஸ்ட்ரோமடோலைட்டின் பைரைட் கனிமத்துக்குள் கரிமப்பொருள் சிக்கியிருப்பதை 2019-இல் காட்டினார்கள். அது வழக்கை நன்றாகவே வலுப்படுத்துகிறது. மிகப் பெரும்பாலும் உயிர் என்றுதான் சொல்வேன்.

கிரீன்லாந்தின் இசுவா பாறைகளோ வேறு கதை. 2016-இல், உருகி விலகிய பனித்திட்டின் அடியில் வெளிப்பட்ட 370 கோடி ஆண்டுப் பாறையில், 1 முதல் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள கூம்பு போன்ற வடிவங்கள் ஸ்ட்ரோமடோலைட் என்று அறிவிக்கப்பட்டன. செய்தித்தாள்களில் இன்றும் மிகப் பழைய உயிர் என்று வருவது பெரும்பாலும் இதுதான். 2018-இல் ஆல்வுட் குழு அங்கே போய், அந்தப் பாறையை வெட்டப்பட்ட முகத்தில் மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலும் பார்த்தது. குறுக்குவெட்டில் கூம்பாகத் தெரிந்தவை, உள்நோக்கி நீண்டு செல்லும் வரப்புகளாக இருந்தன. அந்த வரப்புகளின் திசை, பாறை பிற்காலத்தில் நெரிந்து இழுபட்ட திசையோடு ஒத்துப்போயிற்று. சில முனைகள் மேல் என்று சொல்லப்பட்ட திசைக்கு எதிராகக் கீழ்நோக்கி இருந்தன. உள்ளே வரிகள் இருப்பதற்கான நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. கார்பனேட்டின் பரவலும், பிற்காலத்தில் நீர் ஊடுருவிக் கனிமங்களை மாற்றியதோடு பொருந்தியது. முதலில் அறிவித்தவர்கள் தங்கள் முடிவைப் பாதுகாத்து மறுமொழி எழுதியிருக்கிறார்கள். விவாதம் முறையாக மூடப்படவில்லை. ஆனாலும் மேலே சொன்ன அளவுகோல்களில், உச்சியில் தடிக்கும் அடுக்கு, பள்ளத்தில் தங்கிய வண்டல், சூழலோடு மாறும் வடிவம் ஆகிய மூன்றில் ஒன்றுகூட அங்கே தெளிவாக இல்லை என்பதால், நான் அதை ஸ்ட்ரோமடோலைட் என்று எழுதுவதில்லை.

உங்கள் முதல் வாக்கியத்துக்கு ஒரு திருத்தமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரோமடோலைட் மிகப் பழைய உயிரின் தடயங்களில் ஒன்று. முதல் உயிரின் தடயம் அல்ல. ஒரு பாய் என்பது ஒளியைப் பயன்படுத்தும் உயிரிகளும், அவற்றைச் சார்ந்து வாழ்பவையும், பசை சுரக்கும் திறனும், நகரும் திறனும் சேர்ந்த தேர்ந்த சமூகம். 343 கோடி ஆண்டுகளுக்கு முன் அது இருந்தது என்றால், உயிர் அதற்கு முன்பே நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும். அதேபோல், பஹாமாஸில் சயனோபாக்டீரியா கட்டுகிறது என்பதால் ஸ்ட்ரெல்லி பூலிலும் அவைதான் கட்டின, ஆகவே அன்றே ஆக்சிஜன் வெளிவந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். வடிவம் அதைச் சொல்லவில்லை. ஒளியை நாடும் பாய் என்பதுவரைதான் வடிவத்தைக் கொண்டு போக முடியும். தென்னாப்பிரிக்காவில் பார்பர்டன் பகுதியில் ஏறத்தாழ அதே வயதுள்ள பக் ரீஃப் பாறையில், பாய்களின் எச்சம் ஒளி புகும் ஆழமற்ற நீர்ப் பகுதியில் மட்டுமே காணப்படுகிறது. அதை ஆய்ந்தவர்கள், ஆக்சிஜன் வெளியிடாத ஒளிச்சேர்க்கையே அங்கே நடந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலையாகக் கூடியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

இனி ஒரு புதிய பாறையின் படம் கண்ணில் பட்டால், முதலில் அது எத்தனை முகங்களில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே முகம் என்றால் கூம்பா வரப்பா என்பதே தெரியாது. பிறகு ஒரே அடுக்கை உச்சியிலும் சரிவிலும் பின்தொடர்ந்து அதன் தடிமனை ஒப்பிடுங்கள். அடுத்து, பள்ளத்தில் கிடக்கும் வண்டல் சரிவில் ஏறியிருக்கிறதா, சரிவை ஒட்டி முடிகிறதா என்று தேடுங்கள். இசுவாவிலோ, அதைவிடப் பழைய வேறோர் இடத்திலோ, நெரியாத ஒரு துண்டில் இந்த மூன்றும் மூன்று திசை வெட்டிலும் தெளிவாகத் தெரிந்தால், என் முடிவை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கம் இருக்காது.